பேலன்ஸ் காட்டுகிறது, வித்ட்ரா ஆகவில்லை: ஓப்பன் ஆர்டரிலும் ஏர்னிலும் மாட்டிய பணத்தை எடுப்பது

"காசு இருக்குதுங் மாமா, எடுக்கத்தான் உட மாட்டேங்குது." திருப்பூரிலிருந்து என் மச்சினன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு இப்படித்தான் போன் செய்தான். புதுக் கடைக்குத் திங்கட்கிழமை அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் ஆப்பின் முகப்பில் 2,140 USDT என்று பெரிய எழுத்தில் நிற்கிறது. ஒரு USDT என்பது சுமார் ஒரு டாலர் மதிப்பிலேயே நிற்கும் கிரிப்டோ நாணயம். அவனுக்குத் தேவை 1,000. அதை ரூபாய் தரும் இன்னொரு எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பி விற்க வேண்டும். வித்ட்ரா பக்கத்தில் 1,000 என்று அடித்தால், பேலன்ஸ் போதாது என்று சிவப்பில் ஒரு வரி வருகிறது.

வீட்டிலும் நண்பர் வட்டத்திலும் கிரிப்டோ என்றால் என்னிடம்தான் போன் வரும். இதே புகாரை இதுவரை எத்தனை பேருக்குச் சரி செய்து கொடுத்தேன் என்று எண்ணவில்லை. பெரும்பாலும் பணம் எங்கேயும் போயிருக்காது. முகப்பில் தெரியும் எண், எல்லாப் பெட்டியிலும் உள்ளதைக் கூட்டிப் போட்ட மொத்தம். வித்ட்ரா பக்கம் கேட்பது ஒரே ஒரு பெட்டியில் சும்மா கிடக்கும் தொகையை. வித்தியாசம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்துகிற தலைப்புக்கு நேரே போய்விடலாம். ஆனால் முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் செய்துவிடுங்கள்.

## அறிகுறி 1: முகப்பில் பெரிய எண், வித்ட்ரா பக்கத்தில் சின்ன எண்

எதையும் தொடுவதற்கு முன் ஒரு துண்டுத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆப்பில் வாலட் அல்லது அசெட்ஸ் பக்கத்துக்குப் போய், ஒவ்வொரு கணக்கிலும் உள்ளதைத் தனித்தனியாக எழுதுங்கள்: ஸ்பாட், ஃபண்டிங், வட்டிக்குப் போட்டு வைக்கும் ஏர்ன், ஃபியூச்சர்ஸ், தானாக வாங்கி விற்கும் பாட். எக்ஸ்சேஞ்சுக்கு எக்ஸ்சேஞ்ச் பெயர் மாறும். சில இடங்களில் ஸ்பாட்டையும் ஃபியூச்சர்ஸையும் சேர்த்து ஒரே கணக்காக வைத்திருப்பார்கள். பெயர் எதுவானாலும் எல்லாவற்றையும் கூட்டினால் முகப்பு எண் வர வேண்டும். வரவில்லை என்றால் ஏதோ ஒரு பெட்டியை நீங்கள் இன்னும் திறந்து பார்க்கவில்லை.

அடுத்து, ஸ்பாட்டுக்குள் போய் USDT என்ற வரியைத் தட்டுங்கள். அங்கே இரண்டு எண்கள் தனியாகத் தெரியும். `Available` என்பது கையில் உள்ளது. `In Order` என்பது (சில ஆப்களில் `Frozen` அல்லது `Locked` என்று இருக்கும்) ஆர்டரில் மாட்டியிருப்பது.

மச்சினனை வீடியோ காலில் வைத்துக்கொண்டு எழுதிய தாள் இப்படி வந்தது. ஸ்பாட்டில் கையில் 112, ஆர்டரில் 528. ஏர்னில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற வகையில் 500, அறுபது நாள் பூட்டில் 1,000. கூட்டினால் 2,140, கணக்கு சரி. தாளைப் பார்த்ததுமே எனக்கு நிம்மதி. 112, 528, 500 மூன்றையும் சேர்த்தாலே 1,140 வந்துவிடுகிறது. பூட்டிய ஆயிரத்தைத் தொடவே தேவையில்லை. அவனோ முதல் வேலையாக அந்தப் பூட்டைத்தான் உடைக்கக் கிளம்பியிருந்தான்.

தாளில் எழுதச் சொல்வது இதற்காகத்தான். பதற்றத்தில் எல்லோருக்கும் முதலில் கண்ணில் படுவது பெரிய தொகைதான். எடுப்பதற்குச் செலவு வைப்பதும் பெரும்பாலும் அதுதான்.

### கூட்டிப் பார்த்ததில் பணம் வேறு பெட்டியில் சும்மா கிடந்தால்

இதைவிட எளிய சிக்கல் கிடையாது. சில எக்ஸ்சேஞ்சுகளில் வித்ட்ரா ஃபண்டிங் கணக்கிலிருந்துதான் போகும். உங்கள் பணம் டிரேடிங் கணக்கில் இருக்கும். `Transfer` பட்டனைத் தட்டி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுங்கள். உள்ளுக்குள் மாற்றுவதற்குக் கட்டணம் இல்லை, நொடியில் முடியும். ஃபியூச்சர்ஸில் திறந்த பொசிஷன் இருந்தால் மட்டும் அதற்கு மார்ஜினாக நிற்கும் தொகையை மாற்ற விடாது. அந்தப் பொசிஷனை மூடுவதா வேண்டாமா என்பது தனி முடிவு.

## அறிகுறி 2: "In Order" என்று ஒரு தொகை நிற்கிறது

நீங்கள் குறித்த விலை வந்தால் மட்டும் நிறைவேறும் லிமிட் ஆர்டரைப் போட்ட அந்த நொடியே எக்ஸ்சேஞ்ச் அதற்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடும். ஆர்டர் நிறைவேறும்வரை, அல்லது நீங்கள் கேன்சல் செய்யும்வரை அது அங்கேயே இருக்கும். நீங்களாகக் காலம் குறிக்காவிட்டால் ஆர்டர் மாதக்கணக்கில் கூட நிற்கும். மச்சினன் எப்போதோ, விலை இறங்கினால் வாங்கலாம் என்று 0.24 ஈதருக்கு 2,200 டாலர் விலையில் ஒரு ஆர்டர் போட்டிருந்தான். 0.24 × 2,200 = 528. தாளில் எழுதிய அதே எண். விலை அங்கே இறங்கவும் இல்லை, அவனுக்கு ஆர்டர் போட்ட நினைவும் இல்லை.

வாங்கும் ஆர்டர் USDTஐப் பிடித்து வைக்கும், விற்கும் ஆர்டர் அந்த நாணயத்தைப் பிடித்து வைக்கும். USDT எடுக்க முடியவில்லை என்றால் வாங்கும் ஆர்டர்களைத் தேடுங்கள். பிட்காயின் எடுக்க முடியவில்லை என்றால் விற்கும் ஆர்டர்களைத் தேடுங்கள்.

`Open Orders` பக்கத்தைத் திறந்து, குறிப்பிட்ட அந்த ஆர்டரை மட்டும் கேன்சல் செய்யுங்கள். `Cancel All` வேண்டாம். அந்தப் பட்டன் உங்கள் ஸ்டாப்‑லாஸ் ஆர்டர்களையும் சேர்த்துத் துடைத்துவிடும். ராத்திரியில் விலை சரிந்தால் காப்பாற்ற ஆள் இருக்காது. கேன்சல் செய்யும் முன் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு அதே ஆர்டரைத் திரும்பப் போடவும் உதவும், சப்போர்ட்டில் காட்டவும் உதவும்.

ஆர்டர் பாதி நிறைவேறி நின்றிருந்தால் கேன்சல் செய்யும்போது மீதிப் பணம் மட்டும்தான் திரும்பும். ஏற்கெனவே வாங்கிய பகுதி நாணயமாக ஸ்பாட்டில் இருக்கும். பணம் குறைகிறதே என்று அலறுவதற்கு முன் அதையும் பாருங்கள்.

### ஆர்டரில் பணம் நிற்கிறது, ஆனால் ஓப்பன் ஆர்டர் பக்கம் காலி

எனக்கு வரும் போன்களில் அதிக நேரத்தைத் தின்பது இதுதான். ஆர்டர் இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. நான் இந்த வரிசையில் பார்ப்பேன்.

முதலில், `Hide Other Pairs` என்ற சின்னக் கட்டம் டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அது டிக் ஆகியிருந்தால், நீங்கள் இப்போது திறந்து வைத்திருக்கும் ஜோடியின் ஆர்டர் மட்டுமே தெரியும். நீங்கள் பிட்காயின் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பீர்கள், ஆர்டரோ ஈதரில் இருக்கும். டிக்கை எடுத்தால் வந்துவிடும். பாதிக் கேஸ் இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது தாவல். ஸ்டாப்‑லிமிட், ஒன்று நிறைவேறினால் மற்றது ரத்தாகும் ஓ.சி.ஓ. ஆர்டர், இவையெல்லாம் சில ஆப்களில் சாதாரண லிமிட் ஆர்டர்களோடு வராமல் பக்கத்துத் தாவலில் இருக்கும். ஸ்டாப் ஆர்டர் பணத்தை எப்போது பிடிக்கும் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். சில எக்ஸ்சேஞ்ச் போட்டவுடனே பிடிக்கும், சில எக்ஸ்சேஞ்ச் டிரிகர் விலை தொட்ட பிறகுதான் பிடிக்கும்.

மூன்றாவதாக, டிரேடிங் பக்கத்துக்கு வெளியே போட்ட ஆர்டர்கள். கன்வர்ட் பக்கத்தில் லிமிட் விலை வைத்துப் போட்டது கன்வர்ட்டின் ஹிஸ்டரிக்குள்தான் இருக்கும். கிரிட் பாட் ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் பணம் பாட் கணக்கில் இருக்கும், பாட்டை நிறுத்தினால்தான் திரும்பும். நிறுத்தும்போது கையில் உள்ள நாணயத்தை விற்று USDTஆகத் தரவா, அப்படியே தரவா என்று ஒரு கேள்வி வரும். படிக்காமல் தட்டிவிடாதீர்கள். ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கும் பி2பியில் விற்பனை பாதியில் நின்றால் அந்த நாணயம் எஸ்க்ரோவில், அதாவது எக்ஸ்சேஞ்சின் இடைக்காப்பில் இருக்கும். வாங்குபவர் பணம் அனுப்பியதாகக் குறித்துவிட்டால் உங்கள் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது, வங்கிக் கணக்கைப் பார்த்துவிட்டு அப்பீல்தான் போட வேண்டும்.

கடைசியாக, நீங்கள் ஏற்கெனவே போட்ட வித்ட்ராவே பாதியில் நிற்கலாம். முதல் தடவை அடித்தது பிராசஸிங்கில் இருக்கும். அது போகவில்லை என்று நினைத்து இரண்டாம் தடவை அடித்தால் பேலன்ஸ் போதாது என்றுதான் வரும். வித்ட்ரா ஹிஸ்டரியைப் பாருங்கள்.

மொபைலில் எதுவும் தெரியவில்லை என்றால் கம்ப்யூட்டரில் வெப்சைட்டைத் திறந்து பாருங்கள். ஆப்பில் ஒளிந்திருப்பது பல தடவை அங்கே பளிச்சென்று தெரியும்.

### கேன்சல் செய்தால் மறுபடி ஆர்டர் வந்து உட்கார்ந்துகொள்கிறது

உங்களுக்காக யாரோ ஆர்டர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் எப்போதோ இணைத்துவிட்டு மறந்த வெளி பாட். வெளி மென்பொருளுக்கு உங்கள் கணக்கைத் திறந்துவிடும் கீகள் ஏ.பி.ஐ. மேனேஜ்மென்ட் பக்கத்தில் இருக்கும். அங்கே போய், தெரியாத கீயை அழியுங்கள். அப்புறம் ஆர்டரைக் கேன்சல் செய்யுங்கள். வரிசை மாறினால் வேலை வீண். அந்தக் கீயை நீங்கள் உருவாக்கியதாக நினைவே இல்லை என்றால், விஷயம் ஆர்டரோடு நிற்கவில்லை. பாஸ்வேர்டையும் டூ‑ஃபேக்டரையும் அன்றே மாற்றுங்கள். மாற்றினால் பல எக்ஸ்சேஞ்சுகள் 24 மணி நேரம் வித்ட்ராவை நிறுத்தி வைக்கும். அது உங்களைக் காப்பதற்கான பூட்டுதான், பொறுத்துக்கொள்ள வேண்டியது.

## அறிகுறி 3: ஃபிளெக்சிபிள் ஏர்னில் இருக்கிறது

பெயர்தான் ஃபிளெக்சிபிள். ரிடீம் கொடுத்தால்தான் ஸ்பாட்டுக்கு வரும், வித்ட்ரா பக்கம் பொதுவாகத் தானாக அங்கிருந்து இழுத்துக்கொள்ளாது. ஏர்ன் பக்கத்தில் அந்த நாணயத்தைத் தட்டி, `Redeem` கொடுத்து, தொகையை எழுதி, உறுதி செய்யுங்கள். சாதாரண நாளில் நிமிடத்துக்குள் ஸ்பாட்டில் வந்து நிற்கும். அன்றைய வட்டி கொஞ்சம் போகலாம், அசலில் கை வைக்க மாட்டார்கள்.

ஏ.பி.ஐ. வழியாகப் பார்ப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பைனான்ஸ் எக்ஸ்சேஞ்சின் ஸ்பாட் கணக்கை இழுத்தால், ஃபிளெக்சிபிளில் உள்ளது `LD` என்ற முன்னொட்டோடு தனி நாணயம் போல வரும்:

```
{"asset": "USDT",   "free": "40.00000000",  "locked": "260.00000000"}
{"asset": "LDUSDT", "free": "700.00000000", "locked": "0.00000000"}
```

இங்கே `locked` என்ற 260 ஆர்டரில் உள்ளது. `LDUSDT` வரிசையில் 700 `free` என்று இருப்பதைப் பார்த்து அதை எடுக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. அது ஏர்னில் இருப்பதற்கான ரசீது மாதிரி. இந்த உதாரணத்தில் இப்போதே வித்ட்ரா ஆவது 40 மட்டும்தான்.

### ரிடீம் பட்டன் மங்கலாக இருக்கிறது, அல்லது முழுத் தொகையையும் தரவில்லை

இரண்டு காரணங்களைத்தான் நான் கண்டிருக்கிறேன். ஒன்று, அந்த ஏர்ன் தொகையை ஈடாக வைத்துக் கடன் வாங்கியிருப்பார்கள். ஏர்னில் போட்டதையே அடமானமாக வைக்கும் வசதியைப் பல ஆப்கள் தருகின்றன, இரண்டு தட்டில் கடன் வந்துவிடும், பிறகு மறந்துவிடும். லோன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கடனை அடைத்தால்தான் ஈடு வெளியே வரும். மற்றொன்று, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் ரிடீம் என்ற வரம்பு. ரிடீம் பக்கத்திலேயே சின்ன எழுத்தில் அந்த எண் இருக்கும். மறுநாள் மீதியை எடுக்க வேண்டியதுதான்.

### நேற்று ரிடீம் செய்தேன், இன்று காலை மறுபடி காணோம்

மச்சினன் கதையில் திருப்பம் இங்கேதான். வெள்ளி இரவு ஈதர் ஆர்டரைக் கேன்சல் செய்தோம். கையில் 640 ஆனது. ஃபிளெக்சிபிளையும் ரிடீம் செய்து 1,140 ஆக்கினோம். "காலையில அனுப்பிக்கிறேன் மாமா" என்று தூங்கப் போய்விட்டான். சனிக்கிழமை காலை மறுபடி போன்: கையில் சுழியம். பையன் குரலில் அழுகையே வந்துவிட்டது. யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று முடிவே கட்டியிருந்தான்.

ஏர்ன் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். 1,140ம் அங்கே பத்திரமாக உட்கார்ந்திருந்தது. `Auto-Subscribe` என்ற சுவிட்ச் ஆனில் இருந்தது. அது ஆனில் இருந்தால் ஸ்பாட்டில் சும்மா கிடக்கும் பணத்தையெல்லாம் எக்ஸ்சேஞ்ச் தினம் ஒரு தடவை தானாக வாரி ஏர்னில் போட்டுவிடும். வெள்ளி இரவு கையில் நின்ற 112, அன்றைய வாரலுக்குப் பிறகு ஸ்பாட்டுக்கு வந்ததாக இருக்க வேண்டும். ஆர்டரில் மாட்டிக்கிடந்த 528ஐ அது தொடவில்லை, ஏனென்றால் அது சும்மா கிடக்கவில்லை. நாங்கள் கேன்சல் செய்து விடுவித்ததும் அதையும் சேர்த்து வாரிக்கொண்டது.

ஆகவே சரியான வரிசை: முதலில் `Auto-Subscribe` சுவிட்சை ஆஃப் செய்வது, பிறகு ரிடீம், பிறகு உடனேயே வித்ட்ரா. மூன்றையும் ஒரே மூச்சில் செய்யுங்கள். இந்த சுவிட்ச் நாணயத்துக்கு நாணயம் தனித்தனி. USDTக்கு ஆஃப் செய்ததால் ஈதருக்கும் ஆஃப் ஆகிவிடாது.

## அறிகுறி 4: லாக்டு ஏர்னில், அல்லது ஸ்டேக்கிங்கில் இருக்கிறது

இங்கேதான் செலவு தொடங்குகிறது. அதனால் அவசரப்படாமல் அந்த வரியைத் தட்டி மூன்று விஷயங்களைப் பாருங்கள்: முடியும் தேதி என்ன, முடிந்ததும் தானாகப் புதுப்பிக்கும் சுவிட்ச் ஆனில் இருக்கிறதா, முன்கூட்டியே எடுக்க அனுமதி இருக்கிறதா.

தேதி நெருங்கியிருந்தால் காத்திருப்பதே மலிவு. ஆனால் புதுப்பிக்கும் சுவிட்சை இன்றே ஆஃப் செய்யுங்கள். இல்லாவிட்டால் அறுபதாம் நாள் முடிந்ததும் அடுத்த அறுபது நாளுக்குப் பூட்டிக்கொள்ளும். "மெச்சூர் ஆயிடுச்சு, ஆனா பணம் வரல" என்று வரும் புகாரில் பாதி இந்த ரகம்.

முன்கூட்டியே உடைத்தால் என்ன ஆகும்? மச்சினன் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். 1,000 USDT, ஆண்டுக்கு 6 சதவீதம், 41 நாள் ஓடியிருந்தது. அதுவரை கிடைத்த வட்டி 1,000 × 0.06 × 41 ÷ 365, அதாவது சுமார் 6.74. வட்டி தினமும் கொடுக்கப்படும் திட்டம் என்பதால் அது ஏற்கெனவே அவன் கைக்கு வந்துவிட்டது. உடைத்தால் அந்த 6.74ஐ அசலிலிருந்து பிடித்துக்கொண்டு 993.26 தருவார்கள். பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் எல்லாத் திட்டத்திலும் உடைத்த பணம் உடனே வருவதில்லை. ஒரு நாள், சில நாள் என்று நாணயத்துக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளும். திங்கட்கிழமை காலை பணம் வேண்டும் என்பவனுக்கு 6.74 முக்கியமில்லை, அந்த நாள்தான் முக்கியம். எவ்வளவு பிடிப்பார்கள், எந்தத் தேதியில் தருவார்கள் என்பது இரண்டும் உறுதி செய்யும் பக்கத்திலேயே எழுதியிருக்கும். கடைசிப் பட்டனைத் தட்டும் முன் அந்த இரண்டு வரிகளைப் படித்தால் போதும்.

### அன்ஸ்டேக் கொடுத்தாயிற்று, நாள் கணக்கில் பெண்டிங் என்றே நிற்கிறது

இது எக்ஸ்சேஞ்சின் கையில் இல்லாத தாமதமாக இருக்கலாம். சில செயின்களில் ஸ்டேக்கிங்கை விட்டு வெளியே வர அந்த செயினே காத்திருப்பு வைத்திருக்கிறது. காஸ்மாஸில் 21 நாள். எத்தீரியத்தில் நாள் கணக்கு நிலையானது அல்ல, வெளியேறக் காத்திருப்போர் வரிசையைப் பொறுத்தது. 2025 செப்டம்பரில் அந்த வரிசை 40 நாளைத் தாண்டியது. அப்போது டிக்கெட் போட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஒரே நாளில்தான் வந்தது.

ஈதரை ஸ்டேக் செய்தபோது பதிலுக்கு WBETH போன்ற ஒரு டோக்கன் தந்திருந்தால், இன்னும் அன்ஸ்டேக் கொடுக்கவில்லை என்றால், வேறு ஒரு வழி இருக்கிறது. அந்த டோக்கனை ஸ்பாட் சந்தையில் விற்றுவிடலாம். விலை கொஞ்சம் குறைவாகப் போகும். எத்தனை சதவீதம் குறைகிறது என்று பார்த்து, அந்தத் தொகை உங்கள் அவசரத்துக்குத் தகுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

### டூயல் இன்வெஸ்ட்மென்ட்

குறித்த தேதியில் விலை எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து இரண்டு நாணயங்களில் ஒன்றாகத் திருப்பித் தரும் திட்டம் இது. பொதுவாக இதை இடையில் உடைக்க முடியாது, செட்டில்மென்ட் தேதிவரை காத்திருக்க வேண்டும். வரும்போது போட்ட நாணயமாகவே வரும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. USDT போட்டவருக்கு பிட்காயினாக வரலாம். வட்டி அதிகம் என்று பார்த்துப் போட்டவர்களுக்கு இது வித்ட்ரா சமயத்தில்தான் தெரிய வருகிறது.

## அறிகுறி 5: எல்லாம் கையில் இருக்கிறது, ஆனாலும் மறுக்கிறது

அப்படியென்றால் ஆர்டரும் ஏர்னும் காரணமில்லை. சட்டென்று சில விஷயங்களைப் பாருங்கள். நெட்வொர்க் கட்டணம் போக மீதி, குறைந்தபட்ச வித்ட்ராவைத் தாண்டுகிறதா? பாஸ்வேர்டு மாற்றி 24 மணி நேரம் ஆகவில்லையா? பி2பியில் நேற்று வாங்கியதற்குத் தற்காலிக நிறுத்தம் இருக்கிறதா? அட்ரஸ் ஒயிட்லிஸ்ட் ஆனில் இருந்து, புது முகவரியைச் சேர்க்காமல் விட்டீர்களா? அந்த நெட்வொர்க்கே பராமரிப்பில் இருக்கிறதா? பெரும்பாலும் பிழைச் செய்தியே காரணத்தைச் சொல்லிவிடும். அதை யாரும் முழுதாகப் படிப்பதில்லை என்பதுதான் என் அனுபவம்.

## எப்போது சப்போர்ட், எப்போது அதற்கும் மேலே

ஆர்டரைக் கேன்சல் செய்து, வெளியே வந்து மறுபடி லாகின் செய்து, வெப்சைட்டிலும் பார்த்து, ஒரு மணி நேரமாகியும் `In Order` எண் இறங்கவில்லை என்றால் சப்போர்ட்டுக்கு எழுதுங்கள். ரிடீம் பக்கம் சொன்ன தேதி தாண்டிப் பணம் வராவிட்டாலும் அப்படியே. "என் பணத்தைக் காணோம்" என்று எழுதினால் தயார் பதில்தான் வரும். ஆர்டர் எண், கேன்சல் செய்த நேரம், நாணயம், தொகை, `Available` மற்றும் `In Order` இரண்டும் தெரியும் ஸ்கிரீன்ஷாட், இவற்றை ஒரே டிக்கெட்டில் கொடுங்கள். ஆப்புக்குள் இருக்கும் சாட் வழியாக மட்டும் போங்கள். டெலிகிராமில் தானாக வந்து "நான் சப்போர்ட், உதவுகிறேன்" என்பவர் சப்போர்ட் கிடையாது.

எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஏர்ன் ரிடீம் நின்றுவிட்டால் அது வேறு விஷயம். 2022 நவம்பர் 16 அன்று ஜெமினி எக்ஸ்சேஞ்சின் ஏர்னில் அதுதான் நடந்தது. அதில் போட்ட பணத்தை ஜெனிசிஸ் என்ற நிறுவனத்துக்குக் கடனாகக் கொடுத்திருந்தார்கள். ஜெனிசிஸ் திருப்பித் தருவதை நிறுத்தியதும் ஏர்னில் இருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அதே எக்ஸ்சேஞ்சில் ஏர்னுக்கு வெளியே வைத்திருந்தவர்களால் வழக்கம்போல எடுக்க முடிந்தது. ஜெனிசிஸ் 2023 ஜனவரியில் திவால் மனு போட்டது. 2024 மே மாதக் கடைசியில்தான், சுமார் ஒன்றரை ஆண்டு கழித்து, அவரவர் வைத்திருந்த நாணயமாகவே 218 கோடி டாலர் மதிப்பில் பெரும்பகுதி திரும்பியது. இந்த நிலையில் கேன்சலும் ரிடீமும் உதவாது. ஸ்டேட்மென்ட், ஏர்ன் வரலாறு, நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகள் எல்லாவற்றையும் டவுன்லோடு செய்து வைத்துக்கொண்டு, தொகை பெரிதென்றால் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும். திவால் நடவடிக்கையில் உரிமை கோரக் கடைசித் தேதி ஒன்று இருக்கும், அதைத் தவறவிடக் கூடாது.

இன்னொரு வகை உண்டு. பேலன்ஸ் காட்டுகிறது, ஆர்டர் இல்லை, ஏர்ன் இல்லை. வித்ட்ரா கொடுத்தால் "பூட்டைத் திறக்க 10 சதவீதம் டெபாசிட் கட்டு" அல்லது "முதலில் வரியை எங்கள் வாலட்டுக்கு அனுப்பு" என்று வருகிறது. நிஜ எக்ஸ்சேஞ்ச் இருக்கிற பணத்தை விடுவிக்க இன்னும் பணம் கேட்காது. திரையில் தெரியும் அந்த எண்ணே பொய். ஒரு ரூபாய்கூட மேற்கொண்டு அனுப்பாதீர்கள். இந்தியாவில் இருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள், அல்லது `cybercrime.gov.in` தளத்தில் புகார் கொடுங்கள். பணம் போன வாலட் முகவரி, பரிமாற்ற ஹேஷ், பேசிய எண்கள், வங்கி அல்லது யு.பி.ஐ. வழியாகக் கட்டிய ரசீது எல்லாம் கையில் இருக்கட்டும். வங்கிக் கணக்குக்குப் போன பணமாக இருந்தால் முதல் சில மணி நேரத்தில் புகார் கொடுத்தால்தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

மச்சினன் சனிக்கிழமை மதியமே 1,000ஐ அனுப்பிவிட்டான். ஆயிரம் இன்னும் பூட்டில் இருக்கிறது, புதுப்பிக்கும் சுவிட்சை நேரில் பார்த்தபோது நானே போனைப் பிடுங்கி ஆஃப் செய்துவிட்டேன். அந்தப் பூட்டு முடிந்ததும் 2,200க்கு ஈதர் வாங்கும் ஆர்டரைத் திரும்பப் போடலாமா என்று கேட்டான். போடு, ஆனா எங்கேயாவது எழுதி வெச்சுக்கோ என்றேன்.